சுமத்ரா நிலநடுக்கம் எந்தப் பட்டையில்? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் புவியியல் சொல்லித்தரும் ஆசிரியன் நான். எந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் எந்த நிலநடுக்கப் பட்டையில் ஏற்பட்டது என்று கேட்டீர்கள். இறுதி விடைக்குறிப்பும் ‘பசிபிக் பட்டை’ என்றே சொல்கிறது. ‘மத்திய தரைக்கடல்–இமயமலைப் பட்டை’ என்று குறித்தவர்களுக்கு மதிப்பெண் இல்லை, தவறான விடைக்கான கழிவு வேறு. அந்த விடையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அன்று அசைந்தது இந்தியத் தட்டின் விளிம்பு. சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் மேற்கே, சுண்டா அகழியில், அது பர்மா என்ற சிறு தட்டுக்கு அடியில் இறங்குகிறது. நெடுங்காலம் சிக்கிக் கிடந்த அந்த விளிம்பு வடக்குச் சுமத்ராவுக்கு அருகே உடையத் தொடங்கி, வடக்கு நோக்கி அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. பிளந்தது. அளவு 9.1. கடலடி எழும்பித் தள்ளிய நீர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நம் கரையை அடைந்தது. இதில் பசிபிக் தட்டு எங்கே வருகிறது? வடக்கே இமயமலையை உயர்த்துவதும் இதே இந்தியத் தட்டுதான். ஜாவா, சுமத்ராவில் தொடங்கும் பட்டைதான் இமயமலை, ஈரான், துருக்கி வழியாக மத்திய தரைக்கடலுக்குப் போகிறது.

அகழியும் எரிமலையும் இருந்தால் பசிபிக் என்ற மனப்பாடம்தான் இங்கே தவறியிருக்கிறது. இமயமலையில் மோதுபவை இரண்டு கண்டங்கள். இரண்டும் எடை குறைந்த பாறை என்பதால் எதுவும் ஆழமாக அமிழ்வதில்லை, எரிமலையும் இல்லை. சுமத்ராவில் அமிழ்வது கடலடிப் பாறை. அதிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது, அதனால் எரிமலை. அந்தமானின் பாரன் தீவு எரிமலையும் அப்படித்தான். ஒரே பட்டைக்குள்ளேயே இரண்டும் உண்டு.

நெருப்பு வளையம் என்னும் பசிபிக் பட்டையைச் சுமத்ரா வரை இழுத்து வரையும் படங்கள் உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும், அல்லது கேள்வியை நீக்க வேண்டும். என் மாணவி ஒருவர் கட்டணம் செலுத்தி, தட்டு எல்லைப் படத்தையும் இணைத்து ஆட்சேபணை அனுப்பினார். ‘ஏற்கப்படவில்லை’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. காரணம் கேட்க வழியில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் அவர் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை.

பசிபிக் பட்டையில் எத்தனை விழுக்காடு நிலநடுக்கம் என்ற கேள்வியும் இப்படித்தான். பாடநூல் 68 என்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம், மிகப் பெரிய நிலநடுக்கங்களில் சுமார் 81 என்கிறது. எல்லா நிலநடுக்கங்களுமா, பெரியவை மட்டுமா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால் படித்தவர்தான் தடுமாறுவார். சரி, அது இருக்கட்டும்.

இந்த ஒரு கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்தி, தரவரிசையை மறுபடி கணக்கிடுங்கள். முடியாது என்றால், எந்தத் தட்டு எல்லையை வைத்து ‘பசிபிக்’ என்று முடிவு செய்தீர்கள் என்பதையாவது எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்