வானொலிக் கேலியின் பக்குவம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காலை நேர வானொலிப் புதிர்ப் போட்டியில் பினாங்குப் பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று கேட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து பேசிய அக்கா 1995 என்றார். சரியான விடை 1985. “அக்கா, இன்னும் பத்து வருஷம் எங்களை பெர்ரியிலேயே அனுப்பிட்டீங்களே!” என்றார் அறிவிப்பாளர். கேலி விடையின் மேல்தான் விழுந்தது, அக்காவின் படிப்பையோ பேச்சையோ தொடவில்லை.

பிறகு ஒரு கணம் பேசாமல் காத்திருந்தார். தொலைபேசியில் முகம் தெரியாது, காதால்தான் கணிக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. உடனே, “நானே தாளைப் பார்த்துத்தான்கா கேட்டேன்” என்று கேலியைத் தன் பக்கம் திருப்பினார். அக்கா கலகலவென்று சிரித்துவிட்டார்.

சிலர் அந்த அமைதியின் மேலேயே பதிவுசெய்த சிரிப்பொலியை ஓடவிடுகிறார்கள். அழைத்தவரின் குரல் சுருங்குவது கேட்கிறது. அந்தப் பழக்கத்தை நிலையங்கள் கைவிட வேண்டும்.

வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு