இரு செம்புக் கட்டிகளும் இரண்டாம் விதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த வெப்ப இயக்கவியல் கட்டுரையில், ‘என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மை, எந்தப் பொருளிலும் அது கூடிக்கொண்டே போகும்’ என்று எழுதப்பட்டிருந்தது. கல்லூரியில் இந்தப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில், இவ்வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வகுப்புக் குறிப்புகளில் வழக்கமாக இடம்பெறும் இரு கட்டிகளின் கணக்கை ஒருமுறை முழுமையாகப் போட்டுப் பார்த்தால், அந்த வாக்கியம் எங்கே தவறுகிறது என்பது தெளிவாகிவிடும்.

தலா ஒரு கிலோ எடையுள்ள இரண்டு செம்புக் கட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் வெப்பநிலை 400 கெல்வின், அதாவது ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ். மற்றொன்று 300 கெல்வின், அதாவது 27 டிகிரி. வெளியே வெப்பம் கசியாதபடி நன்கு மூடிய பெட்டிக்குள் இரண்டையும் ஒட்டி வைக்கிறோம். இரண்டும் ஒரே எடை, ஒரே உலோகம் என்பதால் நடுவில் 350 கெல்வினில் வந்து நிற்கும். செம்பின் தன்வெப்பம் கிலோவுக்கு, கெல்வினுக்கு 385 ஜூல். ஆகவே சூடான கட்டி இழந்ததும் குளிர்ந்த கட்டி பெற்றதும் 385 × 50 = 19,250 ஜூல். ஆற்றல் தோன்றவோ அழியவோ செய்யாது என்ற வெப்ப இயக்கவியலின் முதல் விதி இத்துடன் திருப்தியடைந்துவிடுகிறது. 300 கெல்வினில் உள்ள கட்டி மேலும் குளிர்ந்து, 400 கெல்வினில் உள்ளது மேலும் சூடேறினாலும், இழப்பும் வரவும் சமமாக இருக்கும் வரை அந்த விதி தடை சொல்லாது. தடை சொல்வது இரண்டாம் விதி.

ஒரு பொருள் பெறும் அல்லது இழக்கும் வெப்பத்தை அப்போதைய கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவதே அதன் என்ட்ரோபி மாற்றம். முதல் 100 ஜூல் நகரும் கணத்தைப் பாருங்கள். சூடான கட்டி அதை 400 கெல்வினில் இழக்கிறது. 100/400, அதாவது 0.25 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி அதிலிருந்து குறைகிறது. குளிர்ந்த கட்டி அதே 100 ஜூலை 300 கெல்வினில் பெறுகிறது. 100/300, அதாவது 0.333 கூடுகிறது. வெப்பத்தின் அளவு ஒன்றே. வகுக்கும் வெப்பநிலைதான் வேறு. மொத்தத்தில் 0.083 மிச்சமாக உருவாகிறது. வெப்பம் எதிர்த்திசையில் சென்றால் இதே 0.083 குறைந்திருக்கும், வெளித்தொடர்பற்ற அமைப்பில் அது நடக்காது என்பதே விதி. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்று கிளாசியஸ் கூறியதும் இதைத்தான்.

இறுதிக் கட்டத்தில், கட்டிகள் 351, 349 கெல்வினில் இருக்கும்போது, அதே 100 ஜூல் நகர்ந்தால் 0.0016 மட்டுமே உருவாகும். வெப்பநிலைகள் நெருங்க நெருங்க இந்த உற்பத்தி சுருங்கி, 350-இல் முற்றிலும் நின்றுவிடுகிறது. மொத்த என்ட்ரோபி அதற்குமேல் கூட இடமில்லாத அந்த நிலையையே வெப்பச் சமநிலை என்கிறோம்.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதற்கு அடுத்தது. 19,250 ஜூல் முழுவதையும் ஆரம்ப வெப்பநிலைகளால் வகுத்து, −48.1, +64.2 என்று எழுதி, 16 ஜூல்/கெல்வின் என்று விடை தருகிறார்கள். வெப்பம் நகரும்போதே இரு வெப்பநிலைகளும் மாறிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு சிறு பங்கையும் அந்தந்தக் கணத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல்தான் மடக்கைச் சூத்திரமாக முடிகிறது:

ΔS = mc ln(T₂/T₁)

சூடான கட்டிக்கு 385 × ln(350/400) = −51.4; குளிர்ந்த கட்டிக்கு 385 × ln(350/300) = +59.3. நிகரமாக ஏறத்தாழ 7.94 ஜூல்/கெல்வின் கூடியிருக்கிறது. (கெல்வினுக்குப் பதில் செல்சியஸ் எண்களைப் போட்டால் முழுக் கணக்கும் பொருளற்றதாகிவிடும்.) தங்கள் கட்டுரை வாக்கியத்தின் முதல் பிழை இங்கே வெளிப்படுகிறது: சூடான கட்டியின் என்ட்ரோபி கூடவில்லை, 51.4 அளவுக்குக் குறைந்திருக்கிறது. எந்தத் தனிப்பொருளின் என்ட்ரோபியும் குறையலாம். குறையக்கூடாதது தனித்த அமைப்பின் மொத்தம்.

அந்த 7.94 என்பது என்ன? ‘ஒழுங்கின்மை’ என்ற விளக்கம் இங்கே உதவுவதில்லை. முன்பும் பின்பும் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு திடமான செம்புக் கட்டிகளே, பார்வைக்கு எதுவும் கலைந்துபோகவில்லை. இதைவிட உறுதியான விடை ஒன்று உண்டு. கட்டிகளை நேரடியாக ஒட்டாமல், 1824-இல் கார்னோ சிந்தித்தது போன்ற, பின்னோக்கியும் அப்படியே இயக்கக்கூடிய ஒரு மீள் இயந்திரத்தை இடையில் வைப்பதாகக் கொள்வோம். அது முதலில் 100 ஜூலைச் சூடான கட்டியிலிருந்து எடுத்தால், குளிர்ந்த கட்டிக்கு 75 ஜூலை மட்டும் கொடுத்தால் போதும். 100/400-உம் 75/300-உம் சமம் என்பதால் என்ட்ரோபி சிறிதும் உருவாகாது. மீதி 25 ஜூல் வேலையாகக் கையில் கிடைக்கும். கட்டிகளின் வெப்பநிலைகள் நெருங்க நெருங்க இப்பங்கு குறைந்துகொண்டே வந்து, இறுதியில் இரண்டும் 400 × 300-இன் வர்க்கமூலமான 346.4 கெல்வினில் நிற்கும். சூடான கட்டி 20,632 ஜூல் இழந்திருக்கும். குளிர்ந்தது 17,868 ஜூல் பெற்றிருக்கும். வித்தியாசமான 2,764 ஜூல் முழுவதும் வேலை. அந்தக் கட்டிகளில் ஒன்றை ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும்.

இப்போது அந்த 2,764 ஜூலையும் உராய்வின் மூலம் கட்டிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இரண்டும் 346.4-இலிருந்து 350 கெல்வினுக்கு ஏறும். அப்போது கூடும் என்ட்ரோபி 2 × 385 × ln(350/346.41), கணக்கிட்டால் அதே 7.94 வருகிறது. தொடக்க நிலையும் முடிவு நிலையும் ஒன்றாக இருந்தால் எந்த வழியில் சென்றாலும் என்ட்ரோபி மாற்றம் ஒன்றே என்பதற்கு இதைவிட நேரான சோதனையை நான் வகுப்பில் காட்டியதில்லை. கட்டிகளைச் சும்மா ஒட்டி வைத்தபோது ஆற்றல் ஒரு ஜூல்கூடத் தொலையவில்லை; ஆனால் வேலையாக மாற்றியிருக்கக்கூடிய 2,764 ஜூல் அந்த வாய்ப்பை இழந்தது. அந்த இழப்பின் அளவுகோலே 7.94.

இக்கணக்குக்கு எல்லைகளும் உண்டு. செம்பின் தன்வெப்பம் 300-க்கும் 400-க்கும் இடையே சில விழுக்காடு உயர்வதால் கடைசி இலக்கங்கள் சற்று மாறும். மீள் இயந்திரமும் எவராலும் முழுமையாகச் செய்ய முடியாத ஓர் எல்லை நிலையே. வெப்பம் கைமாறும்போது கட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தால்தான் மீள்தன்மை கிட்டும், அப்போது வெப்பம் நகரும் வேகமும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே நடைமுறையில் 2,764 ஜூலுக்குக் குறைவாகவே கிடைக்கும். உருவாகும் என்ட்ரோபி பூஜ்யத்துக்கும் 7.94-க்கும் இடையில் நிற்கும்.

கட்டுரையின் அவ்வாக்கியத்தை ‘தனித்த அமைப்பின் மொத்த என்ட்ரோபி குறைவதில்லை’ என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், முதல் 100 ஜூலுக்கான அந்த இரண்டு வகுத்தல்களையும் அருகிலேயே அச்சிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.