லொகேஷனை அணைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

இணைய வசதியுள்ள கார்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், திரையில் லொகேஷனை அணைத்துவிட்டால் கார் எந்தத் தகவலையும் வெளியே அனுப்பாது என்று இருந்தது. பல கார்களில் அப்படி இல்லை. திரை வேறு, காரின் தகவல்களை நிறுவனத்துக்கு அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் யூனிட் வேறு. அந்தச் சிறிய பெட்டிக்கென்று தனி இ-சிம்மும் ஆண்டெனாவும் உண்டு. திரையில் அணைப்பது மேப்பையும் செயலிகளையும் மட்டும் கட்டுப்படுத்துகிற கார்களில், பெட்டி தன் வேலையைத் தொடரும்.

அது எதை அனுப்புகிறது என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் நடந்ததே சான்று. அதன் மென்பொருள் நிறுவனமான கேரியட் சேகரித்த சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல்கள் அமேசான் கிளவுடில் எவரும் எட்டக்கூடிய நிலையில் கிடந்தது 2024 டிசம்பரில் வெளியானது. உள் பயன்பாட்டுக்கான ஒரு மென்பொருளின் நினைவகப் பிரதி இணையத்தில் திறந்திருந்தது. கிளவுடுக்கான சாவிகள் அதற்குள்ளேயே இருந்தன. பேட்டரியை மேம்படுத்தத்தான் சேகரித்தோம் என்றது நிறுவனம். ஆனால் காரை அணைக்கும்போதெல்லாம் அது நின்ற இடமும் பதிவாகியிருந்தது. சுமார் 4.6 லட்சம் கார்களுக்கு இருப்பிடம் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன், சியட் கார்களில் 10 செ.மீ. வரை துல்லியமாக. இரவில் கார் நிற்கும் இடம் வீடு, பகலில் நிற்கும் இடம் அலுவலகம். உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க இதற்குமேல் பெயர் எதற்கு?

இதைப் படித்துவிட்டு, யூனிட்டின் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். விபத்தின்போது தானாகப் போகும் அவசர அழைப்பு அதோடு நின்றுவிடும். சில கார்களில் கைபேசி அழைப்புக்கான மைக்கும் வேலை செய்யாது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் மென்பொருள் அப்டேட்டும் பெரும்பாலும் இதே சிம் வழியாகத்தான் இறங்குகிறது.

செய்ய வேண்டியது வேறு. நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், ஓட்டும் விதத்தைப் பகிரும் அனுமதியையும் விளம்பர அனுமதியையும் தனித்தனியாக விலக்குங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு புதிய ஒப்புதல் பக்கம் வரலாம். படிக்காமல் 'சரி' அழுத்தினால் விலக்கியது திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பின்னும் அந்தப் பகுதியை மறுபடி பாருங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு இன்னொன்று. திரையை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், சர்வரில் கார் முந்தைய உரிமையாளரின் கணக்கிலேயே இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அவர் தன் கைபேசியில் கார் நிற்கும் இடத்தைப் பார்க்கலாம், சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். பணம் கைமாறும் முன், விற்பவர் தன் செயலியிலிருந்து காரை நீக்குவதை நேரில் பாருங்கள். பிறகு உங்கள் கணக்கில் பதிவு செய்து பாருங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று மறுத்தால், ஆர்.சி. நகலை சர்வீஸ் சென்டரில் கொடுத்து அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

- வாசகர், கோயம்புத்தூர்