சேமித்த கணக்கு எண் ஏன் பழையதாகவே திரும்பி வருகிறது?

ரப்பர் கொள்முதல் மென்பொருளை நடத்தும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். குலசேகரத்தில் கணினி மையம் நடத்துகிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் டேட்டாபேஸ் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறேன். பேச்சிப்பாறை, திருவட்டாறு, அருமனை பக்கத்துச் சிறு விவசாயிகள் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற பணம் உங்கள் மென்பொருளில் பதிந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அந்தப் பதிவுகளைத் திருத்த அவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

அருமனைப் பக்கத்து அக்கா ஒருவர் வங்கியை மாற்றியதால் புதிய கணக்கு எண்ணைப் பதிந்தோம். 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் பழைய எண். உங்கள் உதவி எண்ணில் கேட்டதற்கு, "கொஞ்ச நேரம் கழிச்சு ரெஃப்ரெஷ் பண்ணுங்க, ரெப்ளிகா பின்தங்கியிருக்கும்" என்றார்கள். சரி, அதற்குள் அவருடைய கைபேசி எண்ணையும் மாற்றிவிடலாம் என்று அதே படிவத்தைத் திறந்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்திச் சேமித்தோம். கைபேசி எண் மாறியது, கணக்கு எண்ணோ பழையதற்கே போய்விட்டது. அந்த வாரப் பணம் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பியது.

எழுதுவது பிரைமரியில், படிப்பது ரெப்ளிகாவில் என்று நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். படிவம் திறந்தபோது ரெப்ளிகாவில் இருந்த பழைய எண் கட்டத்தில் நிரம்பியது. சேமித்தபோது எல்லாக் கட்டங்களும் சேர்ந்து பிரைமரிக்குப் போக, பழைய எண் புதியதன்மேல் எழுதப்பட்டது. பழைய பக்கம் தெரிவது காத்திருந்தால் சரியாகும். இது எவ்வளவு காத்திருந்தாலும் சரியாகாது, ஏனென்றால் பிரைமரியிலேயே தரவு கெட்டுவிட்டது.

ரெப்ளிகா ஏன் அவ்வளவு பின்தங்கியது என்பதும் உங்கள் ஆட்களே சொன்னதிலிருந்து புரிகிறது. போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகாவில் நீளமான அறிக்கை ஓடும்போது, அதற்குத் தேவையான பழைய வரிகளைப் பிரைமரி துப்புரவு செய்துவிட்டால், அந்த மாற்றத்தை ரெப்ளிகா உடனே ஏற்காமல் நிறுத்தி வைக்கும். பின்னால் வரும் எல்லா மாற்றங்களும் அதன் பின்னே வரிசையில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை `max_standby_streaming_delay` தீர்மானிக்கிறது. இயல்பாக அது 30 விநாடி. அறிக்கை பாதியில் ரத்தாகிறது என்று நீங்கள் அதை 5 நிமிடமாக்கியிருக்கிறீர்கள். எழுதியவரைச் சில விநாடிகள் மட்டும் பிரைமரியில் படிக்கவிடும் உங்கள் ஏற்பாடு, தாமதம் அதைத் தாண்டிய நாளில் பயன்படவில்லை.

நேரத்தை நம்ப வேண்டாம், இடத்தைக் கேளுங்கள். கமிட் ஆனதும் பிரைமரியின் WAL பதிவேடு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, படிக்கும் முன் ரெப்ளிகா அதைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள்:

```sql
-- பிரைமரியில், கமிட் ஆனதும்
SELECT pg_current_wal_lsn();

-- ரெப்ளிகாவில், படிக்கும் முன்
SELECT pg_last_wal_replay_lsn() >= '0/5A3C2F18'::pg_lsn;
```

'இல்லை' என்று வந்தால் அந்த ஒரு கோரிக்கையைப் பிரைமரிக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் வழக்கம்போல ரெப்ளிகாவிலேயே படிக்கட்டும். சோதனையும் படிப்பும் ஒரே இணைப்பில் நடக்க வேண்டும். நடுவிலிருக்கும் லோட் பேலன்சர் சோதனையை ஒரு ரெப்ளிகாவுக்கும் படிப்பை இன்னொன்றுக்கும் அனுப்பினால் எல்லாம் வீண். குறித்த இடத்தை விவசாயி எண்ணோடு சேர்த்து வையுங்கள். செஷனில் வைத்தால், நான் மாற்றியதை அந்த அக்கா தன் கைபேசியில் திறக்கும்போது அது உதவாது.

`synchronous_commit = remote_apply` போட்டுவிடலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். அதற்கு அந்த ரெப்ளிகா `synchronous_standby_names` பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால், அது ஏற்கும்வரை கமிட் காத்திருக்கும். அறிக்கை ஓடும் அந்த 5 நிமிடமும் எடை போடும் டிப்போக்களில் பதிவு நகராது. அது இங்கே ஒத்துவராது.

திருத்தும் படிவத்துக்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், நேரே பிரைமரியில் படியுங்கள். கூடவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, சேமிக்கும்போது அது மாறியிருந்தால் மறுத்துவிடுங்கள். பதிப்பு எண் மட்டும் இருந்திருந்தாலே அந்த அக்காவின் இரண்டாவது சேமிப்பு பிழைச் செய்தியோடு நின்றிருக்கும், பணம் தவறிப் போயிருக்காது. அப்புறம், மாத அறிக்கைக்குத் தனி ரெப்ளிகா ஒதுக்கி, பயனர்கள் படிக்கும் ரெப்ளிகாவில் அந்த 5 நிமிடத்தைக் குறையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாற்றங்களின் வரலாற்றை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். கணக்கு எண் மாறி, சில நிமிடங்களில் பழைய எண்ணுக்கே திரும்பிய பதிவுகளை அதில் தேடி எடுங்கள். அடுத்த பட்டுவாடாவுக்கு முன் அந்த விவசாயிகளை நீங்களே அழைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குலசேகரம் கணினி மையத்திலிருந்து