மிச்சம் வைக்காத சிலேடை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். சின்னவளுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீடு மறுபடியும் கலகலப்பாக இருக்கிறது.

உன் பேரன் கேட்ட கேள்வியை எழுதியிருந்தாய். "கல்யாணத்துக்குப் போனவன் ஏன் கல்லை எடுத்துக்கொண்டு போனான்? அது கல்-யாணம் அல்லவா!" என்று அவன் சொன்னதும் எல்லோரும் "ஐயோ, கடிக்கிறான்" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள் என்றும், சிலேடைப் புலவர் காளமேகம் இதையே செய்தால் மட்டும் ஏன் புகழ்கிறோம் என்றும் கேட்டிருக்கிறாய். சரியான கேள்வி. ஆனால் காளமேகம் செய்தது இது அன்று.

பேரன் சொன்னதில் 'கல்' பிரிந்து வந்துவிட்டது. மீதியிருக்கும் 'யாணம்' அந்த வாக்கியத்தில் என்ன செய்கிறது? அதற்கு வேலையே இல்லை. கல்லுக்கும் கல்யாணத்துக்கும் பொருளிலும் உறவு இல்லை. ஒலி மட்டும் இடித்துக்கொண்டது. நம்மைக் கடிப்பது அந்த மிச்சம்தான்.

இப்போது பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிக் காளமேகம் பாடிய வெண்பாவை எடுத்துக்கொள். "ஆடிக் குடத்தடையும்" என்று தொடங்குகிறது. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகிறது. எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தை அடைகிறது. "ஆடும்போதே இரையும்": பாம்பு சீறுகிறது, செக்கு ஓசையிடுகிறது. "மூடித் திறக்கின் முகங்காட்டும்": மூடியைத் திறந்தால் பாம்பு தலையை நீட்டும், எண்ணெயில் நம் முகம் தெரியும். இதுவரை எந்தச் சொல்லையும் உடைக்கவில்லை. ஒரே சொல், இரண்டு பொருள், இரண்டும் உண்மை. இதைத்தான் அணி இலக்கணம் செம்மொழிச் சிலேடை என்கிறது.

பிறகு "பிண்ணாக்கும் உண்டாம்" என்கிறார். எள்ளுக்குப் பிண்ணாக்கு உண்டு என்பது தெரியும். பாம்புக்கு? பிள் + நாக்கு, பிளவுபட்ட நாக்கு. இது பிரிமொழிச் சிலேடை. ளகர மெய்யும் நகரமும் சந்திக்கும்போது 'ண்ண' ஆவது புணர்ச்சி விதி. புலவர் சொல்லை வளைக்கவில்லை. இலக்கணமே இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டது. பிரித்தால் மிச்சம் எதுவும் விழவில்லை. பிரித்து எடுத்த பொருளும் பாம்பின் மேல் அப்படியே பொருந்துகிறது.

அவர் பாடிய எல்லாமே இதே தரம் என்று சொல்ல மாட்டேன். வாழைப்பழத்தைப் பாம்பாக்கிய பாட்டில் "நஞ்சிருக்கும்" என்பதைப் பழத்துக்கு 'நைந்திருக்கும்' என்று கொள்ள வேண்டும். "வெஞ்சினத்தில்" என்பதை 'வெஞ்சனத்தில்', அதாவது தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தில் என்று கொள்ள வேண்டும். இங்கே ஒலி கொஞ்சம் வளைகிறது. "தோலுரிக்கும்" என்ற ஒரு சொல் இரண்டு பக்கமும் அவ்வளவு கச்சிதமாக நிற்பதால் மற்றதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

சங்க ஆண்டு விழா நன்றியுரைக்கு நீ எழுதி அனுப்பிய வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இந்த மேடை எழப் பலகை உதவின." நன்றாக இருக்கிறது, சுந்தரம். பலகையும் உண்மை, பல கையும் உண்மை. 'உதவின' என்ற பன்மை இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் இது தாளுக்கு உரியது, ஒலிபெருக்கிக்கு அன்று. உரக்கச் சொல்லிப் பார். 'பலகை' என்னும்போது ககரம் மெலிந்து ஒலிக்கும். 'பல கை' என்னும்போது அது சொல்லின் முதலில் நிற்பதால் வல்லென்று வரும். நம் எழுத்து இரண்டுக்கும் ஒரே ககரத்தைத் தருவதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, காதுக்குத் தெரிந்துவிடும். எப்படிச் சொன்னாலும் ஒரு பொருள் உதிர்ந்துபோகும். அழைப்பிதழிலோ மலரிலோ அச்சிடு.

மேடைக்கு, உடைக்காத சொல்லே நல்லது. கார் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளியபோது தமிழறிஞர் கி.வா.ஜ. "நான் தள்ளாதவன்" என்றதாகச் சொல்வார்கள். வயதானவர், தள்ளாமல் நிற்பவர் - இரண்டும் அந்த நொடியில் அவருக்குப் பொருந்தின. காரே இல்லாத இடத்தில் அதே சொல்லுக்கு உயிர் இருந்திருக்காது. நீயும் தலைவருக்கு மாலை போடும் நேரத்தில் "இந்த மாலை உங்களுக்கு உரியது" என்று சொல். பலர் எடுத்தாண்ட சொல்தான். ஆனால் விழா சாயங்காலம், கையில் பூமாலை. சொல்லிவிட்டு விளக்காதே, கேட்பவர் தாமே இரண்டாவது பொருளைக் கண்டுபிடிக்க ஒரு மூச்சு இடம் கொடு.

பேரனுக்குப் பிண்ணாக்கைச் சொல்லிக்கொடு. பிரித்தால் இரண்டு பக்கமும் முழுசாக நிற்கும் சொல் ஒன்றை அவனே தேடி எனக்கு எழுதச் சொல். விழா தேதி முடிவானதும் தெரிவி. முதல் நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்