கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துச் சிறு நிறுவனங்கள் சிலவற்றின் கூகுள் விளம்பரக் கணக்குகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்குவதற்கு முன்பே உங்களில் பலர் இணைய விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிறீர்கள். சீசன் முடியும்போது, பணம் முழுவதும் செலவாகியும் டிரம் கணக்கில் வாங்கும் ஒருவர்கூட அழைக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். அழைப்புகள் வராமல் இல்லை. ஒரு கிலோ கிடைக்குமா என்று கேட்பவர்களும், வேலை காலியாக உள்ளதா என்று கேட்பவர்களுமே அழைக்கிறார்கள். நான் பார்த்த கணக்குகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்தது: எந்தத் தேடலுக்கு விளம்பரம் தோன்ற வேண்டும் என்று நாம் கொடுக்கும் கீவேர்டுகள் பிராட் மேட்ச்சில் விடப்பட்டிருந்தன, எந்தத் தேடலுக்குத் தோன்றக் கூடாது என்று சொல்லும் நெகட்டிவ் கீவேர்டு பட்டியல் வெறுமையாக இருந்தது.

ஒரே சொல்லை மூன்று விதமாகத் தட்டச்சு செய்யலாம்.

```
mango pulp
"mango pulp"
[mango pulp]
```

குறி எதுவும் இல்லாத முதல் வரி பிராட் மேட்ச். நாம் எதையும் மாற்றாவிட்டால் கணக்கு இப்படித்தான் அமையும். அந்தச் சொல்லோடு தொடர்புடையது என்று கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டப்படலாம். தேடலில் "pulp" என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. இரட்டை மேற்கோள் குறிக்குள் இருப்பது ஃபிரேஸ் மேட்ச். தேடலில் அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கியிருந்தால் விளம்பரம் தோன்றும். சதுர அடைப்புக்குள் இருப்பது எக்ஸாக்ட் மேட்ச். அதே பொருள் கொண்ட தேடலுக்கு மட்டுமே தோன்றும்.

215 கிலோ டிரம்களில் மட்டும் கூழ் விற்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக, நாளொன்றுக்கு 600 ரூபாய் செலவு, ஒரு கிளிக்குக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு 50 கிளிக்குகள் கிடைக்கும். ஆலைக்கு விளம்பரம் செய்து தருபவர் மாத இறுதியில் அனுப்பும் அறிக்கையில் இந்த 50 என்ற எண் மட்டுமே இருக்கும். பார்ப்பதற்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கணக்குக்குள் சென்று Search terms என்ற தேடல் அறிக்கையைத் திறந்து, செலவு அதிகமான தேடல் மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். மாம்பழ மில்க் ஷேக் செய்முறை தேடியவர்கள் 20 பேர், வீட்டுக்கு ஒரு கிலோ டப்பா தேடியவர்கள் 10 பேர், கூழ் பிழியும் இயந்திரத்தின் விலை கேட்டவர்கள் 6 பேர், ஆலை வேலை தேடியவர்கள் 4 பேர் என்று அது விரியும். மொத்த வியாபாரம் தொடர்பாகத் தேடியவர்கள் மீதி 10 பேர் மட்டுமே. அந்தப் 10 பேருக்காக 600 ரூபாய் போயிருக்கிறது. அதாவது 12 ரூபாய் என்று நாம் நம்பிய கிளிக்கின் உண்மை விலை 60 ரூபாய்.

ஃபிரேஸ் மேட்ச்சுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது போதாது. "mango pulp recipe" என்ற தேடலுக்குள் "mango pulp" முழுமையாக இருப்பதால் அது ஃபிரேஸ் மேட்ச்சையும் தாண்டி வந்துவிடும். அதைத் தடுப்பது நெகட்டிவ் கீவேர்டு ஒன்றுதான். அதிலும் ஒரு கவனம் தேவை. நாம் வாங்கும் கீவேர்டுகள் ஒருமை, பன்மை, ஒத்த சொல் ஆகியவற்றையும் தாமாகவே பிடித்துக்கொள்ளும். நெகட்டிவ் கீவேர்டுகள் அப்படிச் செய்வதில்லை. "recipe" என்று தடுத்தால் "recipes" தடுக்கப்படாது. "செய்முறை" என்று தடுத்தால் "செய்வது எப்படி" என்று கேட்பவர் வந்துவிடுவார். அதையே ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவரும் வருவார். நம் ஊர்ப்பக்கம் ஆங்கிலம், தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று வகையாகவும் தேடுகிறார்கள் என்பதால் மூன்றையும் எழுத வேண்டும்.

```
recipe
recipes
செய்முறை
"செய்வது எப்படி"
eppadi
milkshake
machine
machines
job
jobs
"1 kg"
"1kg"
```

இன்னொரு பிழையைப் பல கணக்குகளில் பார்க்கிறேன். தேடல் அறிக்கையிலேயே வேண்டாத தேடலைத் தேர்ந்தெடுத்து நெகட்டிவாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அப்படிச் சேர்க்கும்போது நாம் மாற்றாவிட்டால் அது எக்ஸாக்ட் மேட்ச்சாகவே பதிவாகும். "mango pulp recipe in tamil" என்ற முழுத் தேடலை அவ்வாறு சேர்த்தால், சரியாக அந்தத் தேடல் மட்டுமே தடைப்படும். ஒரு சொல் கூடிய அடுத்த தேடல் மறுநாளே பணம் வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்தும் விரயம் குறையாத கணக்குகளுக்கு இதுவே காரணம். தொல்லை தரும் ஒற்றைச் சொல்லைக் கண்டறிந்து, அதை மட்டும் குறியின்றி எழுதுவதே சரியான வழி. மேலும், மிகச் சிலரே தேடிய சொற்களை அந்த அறிக்கை காட்டுவதில்லை. ஆகவே கண்ணில் பட்டதை மட்டும் தடுத்துவிட்டு நிறுத்தாமல், வரக்கூடியதையும் யோசித்து எழுத வேண்டும்.

அதே நேரத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் தடுத்துவிடவும் கூடாது. "free" என்ற சொல்லை எங்கிருந்தோ நகலெடுத்த பட்டியலோடு சேர்த்துவிடுகிறார்கள். பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்காத கூழை "preservative free" என்று தேடும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் அதனால் நம்மைக் காணாமலே போய்விடுவார். "juice" என்று தடுத்தால் பழச்சாறு தயாரிப்புக்குக் கூழ் தேடும் நிறுவனத்தையும் இழப்போம். "kg" என்று தனியாகத் தடுத்தால் "215 kg drum" என்று தேடுபவரும் வரமாட்டார். நமக்கு வேண்டியவர் அவரே.

பிராட் மேட்ச் எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிளிக் வியாபாரமாக மாறியது என்ற தகவல் தொடர்ந்து கணக்குக்குத் திரும்பிச் சென்று, அதற்கேற்ப ஒவ்வொரு கிளிக்குக்கும் நாம் தரும் ஏல விலையைக் கூகுளே நிர்ணயிக்கும்படி விட்டிருந்தால் அது நன்றாக வேலை செய்வதுண்டு. நம் ஆலைகளின் நிலைமை வேறு. மாதத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மொத்தக் கொள்முதல்களே நடக்கின்றன. கற்றுக்கொள்ள அவ்வளவு தகவல் போதாது. அதைவிட மோசமாக, இணையதளத்தில் விசாரணைப் படிவத்தை நிரப்பும் ஒவ்வொருவரையும் வெற்றியாகக் கணக்கிட்டுவிட்டால், ஒரு கிலோ கேட்டவரும் அதில் வெற்றியாகவே பதிவாவார். கணக்கு அவரைப் போன்றவர்களையே மேலும் தேடிப் பிடித்துக் கொண்டுவரும்.

ஃபிரேஸ், எக்ஸாக்ட் ஆகியவற்றுக்கு மாறி, நெகட்டிவ் பட்டியலையும் சேர்த்த பிறகு ஒரு கிளிக்கின் விலை கூடலாம். அது 20 ரூபாய் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 600 ரூபாய்க்கு 30 கிளிக். அதில் 24 பேர் நமக்கு உரியவர்கள் என்றால், உரிய கிளிக்கின் விலை 25 ரூபாய். முன்பு 60 ரூபாய் ஆனதை நினைவில் வைத்துக்கொண்டு, விலை கூடிவிட்டதே என்று பழையபடி மாற்றச் சொல்லாதிருக்கும்படி வேண்டுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பவை இரண்டு. உங்கள் விளம்பரத்தைக் கவனிப்பவரிடம் மாத அறிக்கையோடு தேடல் அறிக்கையையும் கேளுங்கள். கணக்கைத் திறந்து பார்க்கும் அனுமதியையும் உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவுப் பணம் உங்களுடையது என்பதால் அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அடுத்ததாக, காவேரிப்பட்டினத்திலும் பர்கூரிலும் உள்ள ஆலைகள் தனித்தனியே பணத்தை இழந்து இந்தச் சொற்களைக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். செய்முறையும் வேலைவாய்ப்பும் தேடுபவர்கள் உங்களில் எவருக்கும் வாடிக்கையாளர்கள் அல்லர் என்பதால், அப்படிப் பகிர்ந்துகொள்வதில் போட்டியாளரிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை. முதல் பட்டியலை நானே தொகுத்துத் தருகிறேன். சீசன் தொடங்குவதற்கு முன் நீங்கள் கூடும் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். உங்கள் கணக்குகளை அங்கேயே திறந்து, தேடல் அறிக்கையைச் சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
விளம்பரக் கணக்குகளைக் கவனிக்கும் ஒருவர்,
கிருஷ்ணகிரி