சக்கர நாற்காலியில் இருந்தபடி எறிதல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. விளையாட்டு விழாவில் கையில் பலம் குறைந்த பிள்ளைகளுக்கு எடை குறைந்த குண்டு போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. முதலில் நாற்காலியைப் பார்.

பிரேக் போட்டாலும் எறியும் வேகத்தில் நாற்காலி திரும்பும், சில நேரம் பின்னால் சாயும். அதனால் சட்டத்தை இரண்டு பக்கமும் பட்டையால் தரையில் அடித்த முளைகளோடு இழுத்துக் கட்டு. எறியும் கைப்பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிடு. இடுப்புக்கு ஒரு பட்டை போடு. மற்ற கை பிடித்துக்கொள்ள முன்பக்கம் ஒரு கம்பு நடு. அந்தப் பிடி இல்லாவிட்டால் உடம்பு சரிந்து, கையில் இருக்கும் கொஞ்சப் பலமும் நிமிர்ந்து உட்காருவதற்கே போய்விடும்.

அடுத்தது பொருள். பாரா தடகளத்தில் கைப்பிடி பலவீனமான சில பிரிவுகளுக்கென்றே 'கிளப்' எறிதல் இருக்கிறது. அந்தக் கட்டையின் எடை 397 கிராம். தொடங்கும் பிள்ளைக்கு அது அதிகம். 100 முதல் 150 கிராம் வரை மணல் போட்ட சிறு பிளாஸ்டிக் பாட்டிலை எடு, மூடியை ஒட்டிவிடு. கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகினால் இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம். விரல் விரியாத பிள்ளைக்கு உள்ளங்கையில் தானியம் நிரப்பிய சிறு துணிப்பை வைத்துக் கீழிருந்து வீசச் சொல். தலைக்கு மேலாக எறியும்போது பொருள் சக்கரத்தருகே விழுந்தால் தாமதமாக விடுகிறான் என்று அர்த்தம். உயரே போய்க் கிட்ட விழுந்தால் சீக்கிரம் விடுகிறான். இரண்டுக்கும் எடையை மாற்றாதே, பிடியை மாற்று.

இனி மதிப்பெண். தூரத்தை மட்டும் அளந்தால், பலம் கூடியவன்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பான். போட்டிக்கு முந்தைய வாரம் மூன்று எறிகள் அளந்து, மூன்றில் நடுவில் வரும் தூரத்தை நடுத்தூரமாக எடுத்துக்கொள். அதில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு புள்ளி. ஒருத்திக்கு நடுத்தூரம் 2 மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி; அவள் 2.2 மீட்டர் எறிந்தால் 11. இன்னொருவனுக்கு நடுத்தூரம் 5 மீட்டர், அவன் 5.3 எறிந்தால் 10.6 வரும், பின்னத்தை விட்டுவிட்டால் 10 புள்ளிதான். அவள் ஜெயிக்கிறாள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அளவெடுக்கும் நாளில் வேண்டுமென்றே மெதுவாக எறிவார்கள். யாராவது 13 புள்ளியைத் தாண்டினால், போட்டி நாள் எறிகளிலிருந்தே அவர் நடுத்தூரத்தைப் புதிதாகக் கணக்கிடு. இந்த விதியை முன்கூட்டியே சொல்லிவிடு, பாதி தந்திரம் அங்கேயே நின்றுவிடும்.

எறிக்கு எறி இரண்டு நிமிடம் இடைவெளி கொடு. ஒருவர் மாற்றி ஒருவர் எறிந்தால் அது தானாகவே அமையும். தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு மூன்று எறி போதும். தூரம் படிப்படியாகக் குறைந்தால் அங்கேயே நிறுத்து, களைத்துப்போகும் வரை எறியவிடாதே.

பாட்டில் கழுத்து வழுக்கினால் துணி நாடா சுற்றிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்